மே 29 போன வழி

2025 மே 29, வியாழக்கிழமை. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண், காலையில் கைபேசியைத் திறந்து அன்றைய தேதியின் மேல் விரலை வைக்கிறார். கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுகிறது. மாதவிடாய் தொடங்கிவிட்டது, செய்தி அவ்வளவுதான். இந்தப் பெண் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவர். ஆனால் அவர் குறித்த தேதி போகும் வழி, இப்படிப்பட்ட செயலிகளில் எந்தப் பெண்ணின் தேதியும் போகக்கூடிய வழிதான். அது எங்கே தங்குகிறது, என்னவாக மாறுகிறது, யார் கைக்கெல்லாம் போகலாம், கடைசியில் யாருக்குப் பயன்படுகிறது என்று அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

பிறப்பு

பிறக்கும்போதே இந்தத் தேதிக்கு ஒரு சிக்கல். முந்தின நாள் மாலையே லேசாகக் கறை பட்டிருந்தது. அப்படியானால் தொடக்கம் 28-ஆ, 29-ஆ? கறை மட்டும் பட்ட நாளை மருத்துவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பேட் வைத்தே தீர வேண்டும் என்கிற அளவுக்குப் போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். 28-ஐக் குறித்துவிட்டால் முடிந்த சுழற்சி ஒரு நாள் குறையும், தொடங்கும் சுழற்சி ஒரு நாள் கூடும். ஒரு மாதம் கறையையும் மறுமாதம் போக்கையும் முதல் நாளாகக் குறிப்பவருக்கு, உடம்பில் இல்லாத ஏற்ற இறக்கம் பதிவில் வந்துவிடும். அதனால்தான் நன்றாகச் செய்த செயலிகளில் கறைக்கென்று தனிக் குறி இருக்கும். அதைத் தொட்டால் சுழற்சிக் கணக்கு நகராது.

கைபேசி வருவதற்கு முன்னால் இந்தத் தேதி சமையலறைச் சுவரில்தான் பிறந்தது. மாதக் காலண்டரில் பால் கணக்கும் சிலிண்டர் வந்த நாளும் எழுதியிருக்கும் இடத்தில், ஓரமாக ஒரு சிறு புள்ளியோ பெருக்கல் குறியோ இருக்கும். வீட்டில் எல்லாரும் தினமும் பார்க்கிற காலண்டர்தான். ஆனால் அந்தப் புள்ளியின் பொருள் அதை வைத்தவருக்கு மட்டுமே தெரியும். ஆண்டு முடிந்து காலண்டர் பழைய பேப்பரோடு போகும்போது அந்த வருடத்துத் தேதிகள் மொத்தமும் அதோடு போய்விடும்.

அப்படிப் போகாமல் சேர்த்துவைத்த இடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1934-இல் ஆலன் ட்ரெலோர் என்ற புள்ளியியலாளர், மாணவிகளுக்கு நாட்காட்டி அட்டைகளைக் கொடுத்து மாதவிடாய் நாட்களைக் குறித்து அனுப்பச் சொன்னார். படிப்பு முடிந்து போன பிறகும் பலர் ஆண்டுக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2,700-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து 1967-இல் வெளியான ஆய்வு சொன்னது, கடிகாரம் போல மாதாமாதம் ஒரே இடைவெளியில் வருவது யாருக்கும் வழக்கமில்லை என்பதைத்தான். வயதுக்கு வந்த சில ஆண்டுகளிலும், மாதவிடாய் நிற்கப்போகும் சில ஆண்டுகளிலும் இடைவெளி அதிகம் ஆடுகிறது. நடுவில் இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஆட்டம் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை. மே 29-இலிருந்து அடுத்த தேதியைக் கணிக்கப்போகும் செயலி சந்திக்கும் முதல் தடை இது.

இருப்பிடம்

விரலை எடுத்தவுடன் தேதி கைபேசிக்குள் ஒரு சிறு பதிவாகிறது. சுருக்கமாக எழுதினால் அது இப்படி இருக்கும்:

```json
{
  "start": "2025-05-29",
  "note": "இடது பக்கம் தலைவலி, வெளிச்சம் கூசுது. இரவு சரி."
}
```

இதில் மணி இல்லை என்பதைக் கவனியுங்கள். மாதவிடாய்க்கு நாள்தான் வேண்டும், நேரம் வேண்டாம். ஆனால் மென்பொருள் எழுதுபவர்கள் பழக்கத்தில் நேரத்தையும் சேர்த்து உலகப் பொது நேரத்தில் சேமித்துவிடுவது உண்டு. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே இங்கே மே 29 பிறக்கும் நள்ளிரவு, பதிவில் `2025-05-28T18:30:00Z` என்று உட்கார்ந்துவிடும். இந்தியாவில் இருக்கும்வரை திரையில் 29 என்றே காட்டும். இந்தப் பெண் துபாயில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கி, கைபேசியும் அந்த ஊர் நேரத்துக்கு மாறினால், அதே பதிவு மே 28 இரவு பத்தரை ஆகிவிடும். பழைய தேதிகள் எல்லாமே ஒரு நாள் பின்னுக்கு நகர்ந்து நிற்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: கைபேசியின் நேர மண்டலத்தைக் கொஞ்ச நேரத்துக்கு மேற்கே உள்ள ஊருக்கு மாற்றிப் பார்த்தால் போதும். பழைய புள்ளிகள் அசையாமல் இருந்தால் செயலி சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

குறிப்புக் கட்டத்தில் தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சங்கடம் வரலாம். கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது, அதிலும் 'கூ' போன்ற உயிர்மெய் எழுத்துக்கு இரண்டு குறியீடுகள். குறிப்புக்கு 160 பைட் என்று ஒருவர் அளவு வைத்திருந்தால், ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதலாம், தமிழில் ஐந்தாறு சொல்லோடு வெட்டுப்பட்டுவிடும். எழுதியது பாதியில் நின்றிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இவ்வளவையும் வைத்துக்கொள்ள எவ்வளவு இடம் வேண்டும்? ஆண்டுக்கு 13 சுழற்சி, 35 ஆண்டு என்று வைத்தால் சுமார் 450 தொடக்கத் தேதிகள். சுழற்சிக்கு ஐந்து குறிப்பு, குறிப்புக்கு 300 பைட் என்று தாராளமாகப் போட்டாலும், ஒரு பெண்ணின் மொத்த வாழ்நாள் பதிவு ஒரு மெகாபைட்டைத் தொடாது. கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இந்தத் தேதிகள் எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய்த் தங்க வேண்டிய அவசியம் இடநெருக்கடியால் வருவதில்லை. பெர்லினில் உருவான திறந்த மூலச் செயலியான 'ட்ரிப்' பதிவுகளைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்கிறது. 'யூகி' என்ற செயலியும் அப்படித்தான். இப்படியும் செய்ய முடியும் என்பதற்கு இரண்டும் நடப்புச் சான்று.

கணக்கு

இப்போது தேதிக்கு வேலை வருகிறது. இந்தப் பெண்ணின் பதிவில் அந்த ஆண்டு ஏற்கெனவே இருந்த தொடக்கங்கள்: ஜனவரி 4, பிப்ரவரி 1, மார்ச் 3, மார்ச் 31, மே 2. ஆறாவதாக மே 29 சேர்கிறது. இடைவெளிகளை எண்ணினால் 28, 30, 28, 32, 27 என ஐந்து சுழற்சிகள். கூட்டினால் 145, சராசரி 29. மே 29-இலிருந்து 29 நாள் தள்ளினால் ஜூன் 27. பெரும்பாலான செயலிகள் இந்த ஒரு தேதியைத்தான் காட்டும்.

அதைவிட நேர்மையான விடை வேறு. இவருக்கு மிகக் குறுகிய சுழற்சி 27, மிக நீண்டது 32. அப்படியானால் அடுத்தது ஜூன் 25-க்கும் 30-க்கும் இடையில் என்றுதான் சொல்ல முடியும். ஒற்றைத் தேதியைக் காட்டும்போது, 28 வரை வராவிட்டால் 'நாள் தள்ளிப்போச்சு' என்ற பதற்றம் தொடங்கிவிடுகிறது. ஆறு நாள் வரம்பைக் காட்டினால் 28 என்பது இயல்பான நாள். ஐந்தே சுழற்சியை வைத்துப் போட்ட வரம்பும் முழுமையானது இல்லை. ஏழாவது, எட்டாவது மாதம் அதைத் தாண்டக்கூடும். ஆனாலும் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை அது மறைப்பதில்லை.

கணக்கு எங்கே உடையும் என்று பார்க்க, ஒரு பதிவை எடுத்துவிடுவோம். மார்ச் தொடக்கத்தில் வீட்டில் ஒரு திருமண வேலை, மார்ச் 3-ஐக் குறிக்க மறந்துவிட்டார் என்று வையுங்கள். இப்போது பிப்ரவரி 1-லிருந்து மார்ச் 31 வரை ஒரே சுழற்சியாகத் தெரியும்: 58 நாள். இடைவெளிகள் 28, 58, 32, 27. கூட்டுத்தொகை அதே 145 தான், ஆனால் அதை ஐந்துக்குப் பதில் நான்கால் வகுக்கிறோம். சராசரி 36 ஆகிறது. கணிப்பு ஜூலை 4-க்கு ஓடிவிடும், ஒரு வாரப் பிழை. சராசரிக்குப் பதிலாக இடைவெளிகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 30 வரும், கணிப்பு ஜூன் 28. மறக்காமல் இருந்திருந்தால் நடுமதிப்பு 28; ஒரு மறதிக்கு அது இரண்டு நாள்தான் அசைகிறது. இதைவிட நல்ல வழி, வழக்கமான இடைவெளியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தால் 'இடையில் ஒன்றைக் குறிக்க விட்டுப்போயிற்றா?' என்று செயலி கேட்பது. விட்டுப்போகவில்லை, உண்மையிலேயே 58 நாள் வரவில்லை என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு, வளர்ந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாள் வரையான இடைவெளியை இயல்பு என்கிறது. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரைகூட போகலாம்.

அடுத்த கேள்வி கருமுட்டை வெளிப்படும் நாள். செயலிகள் பச்சையிலோ நீலத்திலோ வரைந்து காட்டும் அந்த நாளின் வேர் ஜப்பானில், நீகாத்தாவில் இருக்கிறது. அங்கே மருத்துவராக இருந்த கியுசாக்கு ஒகினோ, அறுவை சிகிச்சைகளின்போது சினைப்பைகளைக் கவனித்து, முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்பு என்று 1924-இல் எழுதினார். அதுவரை எல்லாரும் முந்தின மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணினார்கள். அவர் அடுத்ததிலிருந்து பின்னோக்கி எண்ணினார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் தனியாக ஆய்ந்து ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். பிறகு கருத்தடைக்கு இதை ஒரு முறையாகப் பரப்பினார்கள். தவறும் வாய்ப்பு அதிகம் என்று ஒகினோவே அதை ஏற்கவில்லை.

பின்னோக்கி எண்ணுவதில் உள்ள சிக்கல் வெளிப்படை. அடுத்த மாதவிடாய் எப்போது என்றே தெரியாதபோது அதிலிருந்து எப்படிப் பின்னால் எண்ணுவது? ஜூன் 27-லிருந்து 14 நாள் பின்னால் எண்ணி ஜூன் 13 என்று செயலி புள்ளி வைத்தால், அது ஊகத்தின் மேல் வைத்த இன்னொரு ஊகம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 1,24,648 பெண்களின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளைப் பார்த்தார்கள். முட்டை வெளிவரும் வரையான முதற்பகுதி சராசரியாக 16.9 நாள், பிற்பகுதி 12.4 நாள். சுழற்சி நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முதற்பகுதியால்தான். காய்ச்சல், தூக்கமின்மை, மன அழுத்தம் எதுவானாலும் முதலில் தள்ளிப்போவது முட்டை வெளிவரும் நாள்; மாதவிடாய் அதன் பின்னாலேயே தள்ளிப்போகிறது. இந்தத் தள்ளல் தொடக்கத் தேதிகளை மட்டும் வைத்திருக்கும் செயலிக்கு முன்கூட்டித் தெரிய வழியே இல்லை. உடல் வெப்பம், கர்ப்பவாய்க் கசிவு போன்ற வேறு அடையாளங்களை அது கேட்காதவரை, அந்தப் பச்சைப் புள்ளியை நம்பிக் கருத்தடையை முடிவு செய்யக் கூடாது.

அழைப்பு

ஜூன் 24 செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி. கைபேசி ஒரு முறை அதிர்கிறது. நினைவூட்டலை இவர் சராசரித் தேதிக்கு வைக்கவில்லை. வரம்பு தொடங்குவதற்கு முந்தின நாளுக்கு வைத்திருக்கிறார். பையில் பேட் எடுத்து வைப்பதற்குத்தானே நினைவூட்டல். ஜூன் 27-க்கு மணி அடித்து, 25-ஆம் தேதியே கடையில் தொடங்கிவிட்டால் அதனால் என்ன பயன்?

இந்த அதிர்வு எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செயலி கைபேசிக்குள்ளேயே அலாரம் வைத்துக்கொள்வது. இணையம் இல்லாமலே அடிக்கும். மற்றொன்று, நிறுவனத்தின் சர்வர் செய்தி அனுப்பி, அது கூகுளின் அல்லது ஆப்பிளின் அறிவிப்புச் சேவை வழியாக வந்து சேர்வது. அப்படி வரும் செய்தியின் தடயங்கள் அந்த நிறுவனங்களிடம் தங்கும். 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன் எழுதிய கடிதம், அரசுகள் இந்த அறிவிப்புத் தடயங்களையும் கேட்டு வாங்குகின்றன என்பதை வெளியில் கொண்டுவந்தது. பேட் எடுத்து வைக்கச் சொல்லும் ஒரு நினைவூட்டலுக்கு உள்ளூர் அலாரமே தாராளம்.

உள்ளூர் அலாரத்துக்கும் குறை உண்டு. ஆண்ட்ராய்டில் கைபேசியை அணைத்துப் போட்டால் வைத்த அலாரங்கள் அழிந்துவிடும்; செயலி எழுந்தவுடன் மறுபடி வைத்துக்கொள்ளும்படி எழுதியிருக்க வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் அமைப்புகள் சில கைபேசிகளில் செயலியை எழவே விடாது. ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே தனி அனுமதி வேண்டும். சோதிப்பதற்கு ஒரு வழி: பத்து நிமிடம் கழித்து ஒரு நினைவூட்டல் வைத்து, கைபேசியை அணைத்துப் போட்டுவிட்டு, செயலியைத் திறக்காமல் காத்திருங்கள். வரவில்லை என்றால் பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுக்க வேண்டும்.

இனி, திரையில் என்ன எழுதியிருக்கிறது? கைபேசி அப்போது சாப்பாட்டு மேசையில் இருக்கலாம், தம்பி கையில் இருக்கலாம். 'இன்னும் மூன்று நாளில் உங்கள் மாதவிடாய்' என்று பூட்டிய திரையிலேயே காட்டினால், சுவர்க் காலண்டரின் புள்ளி காத்த ரகசியத்தைக்கூட இது காக்கவில்லை. இவர் தானே எழுதி வைத்திருக்கும் வாசகம் 'பையைச் சரிபார்'. நினைவூட்டலின் வாசகத்தை மாற்ற விடாத செயலி, கடவுச்சொல் கேட்டாலும் பாதிதான் தனிமை தருகிறது.

அந்த மாதம் தொடங்கியது ஜூன் 28. ஒற்றைத் தேதிக் கணிப்பு ஒரு நாள் தவறியது, வரம்பு தவறவில்லை. வரம்பைத் தாண்டியும் வராமல் இருந்திருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தினமும் '3 நாள் தாமதம்', '4 நாள் தாமதம்' என்று எண்ணிக்கொண்டே போகும் செயலிகள் உண்டு. கருவுற்றிருப்பவருக்கோ, கரு கலைந்து மீண்டுகொண்டிருப்பவருக்கோ அந்த எண்ணிக்கை கொடுமை. ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்துவதும், காரணம் கேட்காமல் கணிப்பை நிறுத்திவைக்க விடுவதும் போதும்.

வழிதவறல்

மே 29 இதுவரை கைபேசியை விட்டு வெளியே போகவில்லை. போயிருந்தால் எப்படிப் போயிருக்கும் என்பதற்குப் பதிவான நிகழ்வுகள் இருக்கின்றன.

உலகில் அதிகம் பயன்படும் மாதவிடாய்ச் செயலிகளில் ஒன்றான 'ஃப்ளோ', பயனர்களின் தகவலை ஃபேஸ்புக்குக்கு அனுப்புகிறது என்று 2019 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. யாரோ நாட்குறிப்பைப் பிரதி எடுத்து விற்றதாக நினைக்க வேண்டாம். செயலிகளை உருவாக்குபவர்கள் எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று எண்ணுவதற்கு, வேறு நிறுவனங்கள் தரும் தயார்நிலை நிரல் துண்டுகளை உள்ளே வைப்பார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பெயர் சூட்டுவார்கள். அழுத்தியவுடன் அந்தப் பெயர், துண்டைக் கொடுத்த நிறுவனத்துக்குப் போகும். ஃப்ளோவில் ஒரு பெயர் `R_PREGNANCY_WEEK_CHOSEN`. கர்ப்பத்தின் வாரத்தை ஒரு பெண் தேர்ந்தெடுத்துவிட்டார் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2021 ஜனவரியில் கொண்டுவந்த புகாரில் இதை எடுத்துக்காட்டியது. தகவலைத் தனிமையில் வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்தது ஏமாற்று என்பது ஆணையத்தின் வாதம். அந்த ஆண்டே உடன்பாடு ஏற்பட்டது. இனி உடல்நலத் தகவலைப் பகிரும் முன் பயனரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று முடிவானது. 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு நடுவர் குழு, இந்தத் தகவலைப் பெற்ற மெட்டாவும் அந்த மாநிலத்தின் தனிமைச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது.

இந்தியாவிலும் ஒரு கதை உண்டு. இங்கே உருவான 'மாயா' செயலியை 2019-இல் பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பு சோதித்தது. தனிமைக் கொள்கைக்குப் பயனர் சம்மதம் சொல்வதற்கு முன்பே, திறந்தவுடனே அது ஃபேஸ்புக்குக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியது என்றும், உள்ளே பதிவு செய்த விவரங்களும் போயின என்றும் அறிக்கை சொன்னது. அதன்பின் அந்த நிரல் துண்டை எடுத்துவிடுவதாக மாயா பதில் சொன்னது.

இவற்றோடு ஒப்பிட்டால், ஓசையில்லாமல் நடக்கும் வெளியேற்றம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில், செயலியை எழுதியவர் தடுக்காவிட்டால், அதன் பதிவுகள் 25 மெகாபைட் வரை தானாகவே கூகுள் கணக்கில் காப்புப் பிரதியாகும். கைபேசிக்குள் மட்டும் இருப்பதாக நினைத்த மே 29, வீட்டில் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு கூகுள் கணக்கில் படுத்திருக்கலாம். புதுக் கைபேசியில் அந்தக் கணக்கோடு நுழைந்து செயலியை மறுபடி நிறுவினால், பழைய புள்ளிகளும் கூடவே வரலாம். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. காப்புப் பிரதியே இல்லையென்றால் கைபேசி தண்ணீரில் விழும் நாளில் ஐந்தாண்டுப் பதிவும் மூழ்கும். கடவுச்சொல் பூட்டிய கோப்பாக எடுத்து, தன் வசம் இருக்கும் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளும் வசதிதான் இரண்டுக்கும் நடுவழி.

மருத்துவர் மேசை

ஜூலை முதல் வாரம். தலைவலிக்காக இந்தப் பெண் மருத்துவரிடம் போகிறார். தேதியின் பயணத்தில் இந்தக் கட்டம் மட்டும்தான் அவரே விரும்பி அழைத்துப் போனது.

"பீரியட்ஸ் சமயத்துல மட்டும்தான் வருதாம்மா?" என்று மருத்துவர் கேட்கிறார்.

"ஆமா டாக்டர், எப்பவும் அப்பதான்" என்கிறார் இவர். பிறகு குறிப்புகளைத் திறக்கிறார். மே 1-இல் தலைவலி. மாதவிடாய் தொடங்கியது மே 2. மே 29-இல் தலைவலி, அன்றே தொடக்கம். ஜூன் 27-இல் தலைவலி, மறுநாள் தொடக்கம். இடையில் அவர் மறந்தே போன ஒன்று: ஜூன் 11, 'கணக்கு முடிக்க ராத்திரி பன்னிரண்டு, காலையில் அதே தலைவலி'.

பன்னாட்டுத் தலைவலி வகைப்பாடு இதற்கு ஒரு தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது. மாதவிடாய் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து தொடங்கிய மூன்றாம் நாள் வரைக்குள், மூன்று சுழற்சிகளில் இரண்டிலாவது ஒற்றைத் தலைவலி வர வேண்டும். வேறு நாட்களிலும் வருகிறதா என்பதைப் பொறுத்து வகை மாறும். இவருக்கு மூன்றிலும் அந்த நாட்களுக்குள் வந்திருக்கிறது, வெளியேயும் ஒன்று வந்திருக்கிறது. ஜூன் 11-இன் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மருத்துவர் வேறு வகையில் சேர்த்திருப்பார். நினைவு 'எப்பவும் அப்பதான்' என்று சொன்னது. குறிப்பு அப்படிச் சொல்லவில்லை.

மாதவிடாய்க்கு முன் வரும் கடுமையான மனத்தளர்வுக்கும் இதே கதைதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, 2013 பதிப்பிலிருந்து, நோயை உறுதி செய்ய நினைவிலிருந்து சொல்வது போதாது என்கிறது. குறைந்தது இரண்டு சுழற்சிகளாவது அன்றன்று எழுதிய பதிவு வேண்டும். ஏனென்றால் சோர்வாக இருந்த நாள் மாதவிடாய்க்கு அருகில் விழுந்தால் நினைவில் தங்குகிறது, மாதத்தின் நடுவில் விழுந்தால் நழுவிவிடுகிறது. பொழுதெல்லாம் வாட்டும் மனச்சோர்வையும் மாதவிடாயோடு வந்து போகும் மனச்சோர்வையும் பிரித்துக் காட்டுவது நடுவில் வரும் நல்ல நாட்கள். அதனால் வலித்த நாளை மட்டும் எழுதும் குறிப்பேடு பாதிதான் பேசும். 'இன்று ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் கட்டம், நன்றாக இருந்தாரா எழுத மறந்தாரா என்று சொல்லாது. குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. எங்கே, எவ்வளவு கடுமை, வேலை கெட்டதா என்ற மூன்றும் இருந்தால் மருத்துவருக்குப் போதும்.

இந்தப் பெண்ணுக்கு மருத்துவர் மருந்து எழுதினார், இன்னும் மூன்று சுழற்சி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மே 29-இன் வேலை அத்தோடு முடிந்தது. பிறந்தது கைபேசியில், கணக்கிட்டதும் கைபேசியில், மணியடித்ததும் அங்கேதான். பிறகு இவர் கையோடு எடுத்துப் போய் ஒருவரிடம் காட்டினார். இந்த வழியில் எந்தக் கட்டத்திலும் இணையம் தேவைப்படவில்லை. தன் செயலி எப்படிப்பட்டது என்று பார்க்க நினைப்பவர், கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, ஒரு தேதியைக் குறித்து, கணிப்பைப் பார்த்து, ஒரு நினைவூட்டல் வைத்து, ஒரு குறிப்பு எழுதட்டும். நான்கும் நடந்தால் அந்தச் செயலிக்கு இணையம் இல்லாமலே எல்லாம் முடிகிறது. அதன்பின் அமைப்புகளில் போய் அது எவ்வளவு டேட்டா செலவழிக்கிறது என்று பார்க்கலாம். அங்கே பூஜ்யம் இல்லையென்றால், எது எங்கே போகிறது என்று பதில் சொல்ல வேண்டியது அதை உருவாக்கியவர்.